சரளை நிலத்தில் மரக்கன்றுக் குழி: அளவும் நிரப்பு மண்ணும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துச் செஞ்சரளை நிலங்களில் மரம் நட முனைவோர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை, அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். கரிசல், வண்டல், மணற்பாங்கான நிலங்களுக்கு இந்தக் கணக்குகள் பொருந்தா. பின்னால் வரும் சில விடைகள் முன்னால் சொன்னவற்றைச் சார்ந்திருப்பதால், வரிசையாகப் படிப்பது நல்லது.

எங்க நிலத்துல கல்லு இருக்கு, ஆனா மண்ணும் இருக்கு. இதைச் சரளை நிலம்னு எடுத்துக்கலாமா?

மேலே பார்த்து முடிவு செய்ய வேண்டாம். நிலத்தின் நடுவில் ஓர் இடத்தைத் தேர்ந்து, முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி, அங்கிருந்து ஒரு பத்து லிட்டர் வாளி நிறைய மண் எடுங்கள். அதைக் காய வைத்து, கட்டிகளைக் கையால் உடைத்து, கொத்தனார் மணல் சலிக்கும் சல்லடையில் சலியுங்கள். சல்லடையில் தங்கிய கல்லை மீண்டும் வாளியில் போட்டு, கல் மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீரை அளந்து ஊற்றுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு: கல் வாளியில் ஏழு லிட்டர் குறி வரை நிற்கிறது, அதன் இடுக்குகளை நிரப்ப மூன்று லிட்டர் தண்ணீர் பிடித்தது என்றால், கல்லின் உண்மையான பருமன் நான்கு லிட்டர். ஆக, பத்து லிட்டரில் நான்கு லிட்டர் கல். மீதி ஆறு லிட்டர்தான் வேருக்குப் பயன்படும் மண். கல்லின் பங்கு நூற்றுக்கு இருபதுக்குக் குறைவாக இருந்தால் வழக்கமான முறையிலேயே குழி எடுத்து நடலாம். முப்பதைத் தாண்டினால் கீழே சொல்பவை அனைத்தும் உங்களுக்குப் பொருந்தும். இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். குழி அளவும் கலவை விகிதமும் இதிலிருந்துதான் வரப்போகின்றன.

ஒன்றரை அடிக் குழி போதும்னு ஒருத்தர் சொல்றார், மூணுக்கு மூணு அடி வேணும்னு இன்னொருத்தர் சொல்றார். யார் சொல்றது சரி?

இருவரும் வெவ்வேறு மண்ணை மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். வேம்பு, புங்கன் போன்ற மரங்களுக்கு ஒன்றரை அடிக் குழியும், மா போன்ற பழமரங்களுக்கு மூன்றடிக் குழியும் பரவலாகச் சொல்லப்படும் அளவுகள். இளகிய மண்ணில் ஒன்றரை அடிக் குழி போதுமாக இருப்பதற்குக் காரணம், வேர் சில மாதங்களில் குழியை விட்டு வெளியேறிவிடும் என்பதே. இறுகிய சரளையில் வேர் வெளியேற ஓரிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அதுவரை கன்றுக்குக் குழிதான் வீடு, குழிக்குள் நிற்கும் ஈரம்தான் சாப்பாடு.

எனவே குழியைக் கன அடியில் அளப்பதை விட, அது எவ்வளவு தண்ணீரைப் பிடித்து வைக்கும் என்று அளப்பது பொருத்தமானது. ஒன்றரை அடி, அதாவது 45 செ.மீ. நீள அகல ஆழமுள்ள குழியின் கொள்ளளவு ஏறத்தாழ 91 லிட்டர். மேலே அளந்த நிலத்தில் அதில் 55 லிட்டர்தான் மண். சரளையிலிருந்து பிரிந்த அந்தச் செம்மண் தன் பருமனில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே வேர் உறிஞ்சக்கூடிய நீரைப் பிடித்து வைக்கும் என்று கொண்டால், கிடைப்பது ஐந்தரை லிட்டர். சித்திரை வெயிலில் இடுப்பளவுக் கன்று ஒன்று இதை வைத்துக்கொண்டு சில நாட்களுக்கு மேல் தாக்குப்பிடிக்காது.

அதே நிலத்தில் இரண்டரை அடிச் சதுரமும் இரண்டடி ஆழமும், அதாவது 75 × 75 × 60 செ.மீ. எடுத்தால் கொள்ளளவு சுமார் 340 லிட்டர். எதையும் சேர்க்காமல் எடுத்த மண்ணையே போட்டாலும் இருபது லிட்டர் நீர் நிற்கும். கலவையைச் சீர்செய்தால் முப்பத்தைந்து முதல் நாற்பது லிட்டர் வரை நிற்கும். செஞ்சரளையில் வேம்பு, புங்கன், நாவல், புளி போன்றவற்றுக்கு நான் பரிந்துரைப்பது இந்த அளவே. மா, சப்போட்டா போன்ற பழமரங்களுக்கு மூன்றடிச் சதுரமாக அகலத்தைக் கூட்டுங்கள். ஆழம் இரண்டரை அடியோடு நிற்கலாம்.

மரம்னா ஆணிவேர் ஆழமா போகும்தானே? அகலத்தைக் குறைச்சு ஆழமா எடுத்தா என்ன?

மரத்துக்கு உணவையும் நீரையும் திரட்டித் தரும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல் இரண்டடிக்குள்தான் இருக்கும், ஏனெனில் காற்று அங்கேதான் போதிய அளவில் இருக்கிறது. நான்கடி ஆழத்தில் குறுகலாக எடுத்த குழியின் அடிப்பகுதியில் நீங்கள் இடும் எருவும் வண்டலும் காற்றின்றிக் கிடக்கும். அகலத்தில் அரையடி கூட்டினால் கிடைக்கும் பயன், ஆழத்தில் ஓரடி கூட்டினால் கிடைக்காது.

ஆனால் ஆழத்தை முற்றிலும் மறந்துவிட முடியாது. குழியின் அடித்தளம் தட்டிப் பார்த்தால் 'டங்' என்று ஒலிக்கும் இறுகிய தளமாக இருந்தால், அதற்குக் கீழே தோண்டி மண்ணை வெளியேற்ற வேண்டாம். கடப்பாரையை ஒரு சாண் இடைவெளியில் குத்தி, ஓரடி ஆழத்துக்குப் பிளந்து மட்டும் விடுங்கள். ஆணிவேருக்கு வேண்டியது ஒரு விரிசல். மழைநீர் இறங்கவும் அதுவே வழி. அடித்தளம் பிளக்கப்படாத குழி ஒரு தொட்டி; சரளை நிலத்தில் கன்றுகள் காய்ந்து சாவதைப் போலவே கார்த்திகை மழையில் மூழ்கியும் சாகின்றன.

கடப்பாரையே இறங்கல. கோடையில தோண்டச் சொல்றாங்களே, எப்படி?

காய்ந்த செஞ்சரளை செம்புறாங்கல்லுக்குச் சற்றுக் கீழ்ப்பட்ட கடினம் கொண்டது. அதே மண் நனைந்தால் மண்வெட்டிக்கு இணங்கும். குழியின் அளவைக் குறித்து, ஓர் அங்குல ஆழத்துக்கு வழித்து, சுற்றிலும் சிறு கரை கட்டி, மாலையில் மூன்று குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுநாள் காலையில் தோண்டுங்கள். அரையடி இறங்கியதும் மீண்டும் அதே போல. ஒரே நாளில் ஒரு குழியை முடிப்பதை விட, பத்துக் குழிகளை வரிசையாக நான்கு நாட்களில் இறக்குவது ஆளுக்கும் எளிது, செலவும் குறைவு. கோடை மழை பெய்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் இந்த வேலைக்கு மிகவும் ஏற்றவை.

தோண்டும்போது மேல் அரையடி மண்ணை ஒரு பக்கமும், கீழ் மண்ணை எதிர்ப்பக்கமும் தனித்தனியாகக் குவிக்கச் சொல்லுங்கள். வேலையாட்கள் பெரும்பாலும் இதைக் கவனிப்பதில்லை; பக்கத்தில் நின்று பார்த்தால்தான் நடக்கும். மேல்மண் குறைவாக இருக்கும் நிலத்தில் அந்த அரையடி மண்ணை இழப்பது பெரிய இழப்பு.

டிராக்டர்ல குழி போடுற மிஷின் இருக்கே, அதுல போட்டா ஒரு நாள்ல முடிஞ்சிடுமே?

முடிந்துவிடும், ஆனால் சரளையில் அந்தக் குழி முடிவு ஆகாது, தொடக்கம்தான். திருகு சுழலும்போது ஈரக் களிமண்ணையும் நுண்மண்ணையும் சுவரில் தேய்த்து மெழுகிவிடுகிறது. அந்த மெழுகல் காய்ந்தால் பானையின் உட்புறம் போல வழவழப்பாகிறது. வேர் அதில் முட்டி, உருண்டையான சுவரைச் சுற்றிச் சுற்றியே வளர்கிறது. எங்கள் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மூன்றாம் ஆண்டில் காற்றுக்குச் சாய்ந்த ஒரு புங்கனைப் பிடுங்கியபோது, வேர்கள் கூடை பின்னியது போல வளைந்து, குழியின் உருவத்தை அப்படியே அச்செடுத்து வைத்திருந்தன. ஒரு வேர்கூடச் சுவரைத் தாண்டவில்லை.

இயந்திரத்தில்தான் எடுக்க வேண்டுமெனில், முதலில் ஒரு துளை போட்டு, பிறகு ஆளை விட்டுக் கடப்பாரையால் நான்கு மூலைகளையும் கொத்திச் சதுரமாக்கி, சுவர் முழுவதையும் கீறிவிடச் செய்யுங்கள். சதுரக் குழியின் மூலையில் முட்டும் வேர் வெளியே பிளந்து செல்ல வாய்ப்பு மிகுதி. ஜே.சி.பி. கொண்டு எடுத்த குழிகளில் சுவர் கரடுமுரடாகவே இருக்கும். அங்கே கவலை வேறு: மேல்மண்ணும் கீழ்மண்ணும் ஒன்றாகக் கலந்துவிடும், குழியும் தேவைக்கு மேல் பெரிதாகி நிரப்பும் செலவு இரட்டிப்பாகும்.

குழியில தண்ணி வடியுதானு எப்படிப் பாக்கிறது? நான் ஊத்தினது அரை மணியில காணாமப் போச்சு.

முதல் முறை ஊற்றும் தண்ணீர் எதையும் சொல்லாது. காய்ந்த சரளை அதைக் குடித்துவிடும். முதல் நாள் குழியின் அடியில் ஓரடி உயரத்துக்கு ஊற்றி வடியவிடுங்கள். மறுநாள் மீண்டும் ஓரடி ஊற்றி, ஒரு குச்சியை நட்டு நீர்மட்டத்தில் கீறல் போட்டு, மணிக்கொரு முறை எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள்.

மணிக்கு ஓர் அங்குலமோ அதற்கு மேலோ இறங்கினால் குறையில்லை. ஒரு சென்டிமீட்டர்கூட இறங்காவிட்டால், அடித்தளத்தைப் பிளந்த பின் மீண்டும் சோதியுங்கள். அதன் பின்னும் அப்படியே நின்றால் குழியின் தாழ்வான பக்கத்தில் ஒரு சாண் அகலத்தில் வெளிநோக்கி ஒரு வாய்க்கால் வெட்டி, அதைக் கல்லால் நிரப்பி, உபரி நீருக்கு வழிவிட வேண்டும். ஒரு மணிக்குள் ஓரடித் தண்ணீரும் மறைந்தால் அது எதிர்க்கோடி: கல்லுக்கிடையே மண்ணே இல்லாத இடம். அங்கே வண்டலின் பங்கை அடுத்து வரும் அளவை விடச் சற்றுக் கூட்டுங்கள்.

அந்தச் சரளையே வேண்டாம்னு தூரக் கொட்டிட்டு, குழி முழுக்க நல்ல மண்ணா போட்டுட்டா?

முதலாண்டில் கண்ணுக்குக் குளிர்ச்சியாக வளரும், பிறகு தேங்கிவிடும். இறுகிய சரளைக்குள் இளகிய எருமண்ணை நிரப்பினால், சுற்றியுள்ள நிலத்தில் பெய்யும் மழையும் அந்த இளகிய இடம் தேடி வந்து இறங்கி, வெளியேற வழியின்றி நிற்கும். மாறாக, கலகலத்த சரளைக்குள் குளத்துக் களியை நிரப்பினால், நுண்துளைகள் நிறைந்த களி நீரைத் தன்னிடமே இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தான் முழுதும் ஊறும் வரை பக்கத்துச் சரளைக்கு விடாது. இரண்டிலும் குழிக்கும் நிலத்துக்கும் நடுவே ஓர் எல்லைக்கோடு விழுகிறது. வேரும் அந்தக் கோட்டைத் தாண்டத் தயங்கும்.

ஆகவே நிரப்பும் மண் அந்த நிலத்தின் உறவாகவே இருக்க வேண்டும். பாதிக்கு மேற்பட்ட பங்கு அந்தக் குழியிலிருந்து எடுத்த மண்ணாக இருக்கட்டும். அதில் பெரிய கல்லை மட்டும் பொறுக்கி எடுத்துவிடுங்கள். நெல்லிக்காய் அளவுக்குக் கீழ்ப்பட்ட கற்கள் இருந்தால் பரவாயில்லை, அவை மண் இறுகாமல் காற்றுக்கு வழிவிடும்.

சரி, கலவையைச் சட்டிக் கணக்குல சொல்லுங்க. எத்தனை சட்டி எது?

முதல் விடையில் அளந்த நிலத்தையே எடுத்துக்கொள்வோம். கல்லின் பங்கு நூற்றுக்கு நாற்பது, குழி 340 லிட்டர். நிரப்பிய மண் பத்தில் ஒரு பங்காவது அமிழும் என்பதால் 375 லிட்டர் தளர்ந்த கலவை தேவை. உங்கள் இரும்புச் சட்டியில் வாளியால் தண்ணீர் ஊற்றி அளந்து பாருங்கள். சட்டிக்குச் சட்டி கொள்ளளவு மாறும். 15 லிட்டர் பிடிக்கும் சட்டியாக இருந்தால் மொத்தம் 25 சட்டி.

தோண்டிய மண் உதிர்ந்து ஏறத்தாழ கால் பங்கு பெருகி, 425 லிட்டர் அளவுக்குக் குவிந்திருக்கும். அதில் 170 லிட்டர் கல். நெல்லிக்காய்க்கு மேற்பட்ட கற்களைப் பொறுக்கினால் பெரும்பாலும் பாதிக் கல் போய்விடும். இப்போது குவியலில் நான்கில் ஒரு பங்குதான் கல். இந்தப் பொறுக்கிய மண்ணில் 15 சட்டி, காய்ந்து உடைத்த குளத்து வண்டல் 7 சட்டி, நன்கு மக்கிய தொழு உரம் 3 சட்டி. முடிவில் கலவையில் கல்லின் பங்கு நூற்றுக்குப் பதினைந்துக்கு வந்துவிடுகிறது. மேல்மண்ணைத் தனியே குவித்திருந்தால், அந்தப் பதினைந்து சட்டியில் முதலில் அது முழுவதும் சேரட்டும். குறைவதற்குக் கீழ்மண்ணை எடுங்கள். மிஞ்சிய கீழ்மண் பாத்திக் கரைக்கு ஆகும், பொறுக்கிய கல் கரையின் வெளிப்புறத்துக்கு ஆகும்.

நூறு குழிகளுக்குக் கணக்கிட்டால் வண்டல் பத்தரைக் கன மீட்டர், அதாவது நான்கு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. தொழு உரம் நாலரைக் கன மீட்டர், ஏறத்தாழ ஒன்றரை யூனிட். குளத்தில் வண்டல் அள்ள முன்னதாக வருவாய்த் துறையின் அனுமதி பெற வேண்டும் என்பதால், கோடைத் தொடக்கத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

மூன்றையும் குழிக்குள் அடுக்கடுக்காகப் போடாமல், வெளியே தரையில் கொட்டி, சிமெண்டுக் கலவை புரட்டுவது போல இரண்டு முறை புரட்டிய பிறகே நிரப்புங்கள். ஈரம் சரியா என்று பார்க்க ஒரு கைப்பிடி எடுத்துப் பிசைந்து பிடியுங்கள்: உருண்டை பிடிக்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். தட்டியும் உதிராமல் விரல் பதிந்தால் வண்டல் மிகுந்துவிட்டது. இன்னும் இரண்டு சட்டி சரளை மண் சேருங்கள்.

எரு மூணு சட்டிதானா? அடியில ஓரடிக்குக் குப்பையும் சாணியும் போட்டு மேல மண்ணு போடுறதுதானே எங்க வழக்கம்?

இந்த வழக்கத்தை நானும் பின்பற்றி வந்தேன். ஓராண்டு ஐம்பது குழிகளில் சருகும் பாதி மக்கிய சாணமும் அடியில் நிரப்பி மேலே மண் மூடி நட்டேன். ஐப்பசி மழையில் அடிக் குப்பை மக்கி அமிழ, கன்றுகள் நான்கு விரற்கடை முதல் ஒரு சாண் வரை கீழே போயின. சுற்றியிருந்த மண் சரிந்து தண்டின் அடியை மூடியது. தை மாதத்தில் தோலை நகத்தால் கீறியபோது பச்சைக்குப் பதில் பழுப்புத் தெரிந்தது. கரைந்து சுருங்கும் பொருளின் மேல் நட்டது என் தவறு.

மேலும், இரண்டடிக்குக் கீழே காற்று குறைவாதலால் பச்சைக் குப்பை அங்கே மக்காமல் அழுகி, வேருக்கு ஒவ்வாத வாயுக்களை எழுப்பும். பாதி மக்கிய சாணம் கறையானையும் அழைத்து வரும். மக்கிய உரம் தொட்டால் வெதுவெதுப்பின்றி, மழை பெய்த மண்ணின் மணத்தோடு, எதிலிருந்து வந்தது என்று அடையாளம் தெரியாதபடி பொலபொலவென்று இருக்க வேண்டும். இலையும் குப்பையும் கூடுதலாக இருந்தால் நட்ட பிறகு மேலே மூடாக்காக இடுங்கள். அங்கே அவை ஈரத்தைக் காக்கும், மெல்ல மக்கி உள்ளே இறங்கும்.

வண்டல் கிடைக்கலைனா தேங்காய் நார்த்தூள் போடலாமா? ஆத்து மணல்?

ஆற்று மணல் இந்த நிலத்துக்குத் தேவையே இல்லை. சரளையில் ஏற்கெனவே இருப்பது கரடுமுரடான பொருள்தான், இல்லாதது நீரைப் பிடிக்கும் நுண்மண். மக்காத நார்த்தூள் நீரைப் பிடிக்கும், ஆனால் தான் மக்குவதற்காக மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும், கன்று வெளிறிப்போகும். மக்க வைத்த நார்த்தூளாக இருந்தால், தொழு உரத்தின் மூன்று சட்டியில் ஒன்றுக்குப் பதிலாகச் சேர்க்கலாம்.

வண்டலுக்கு மாற்றாக உங்கள் நிலத்திலேயே தாழ்ந்த மூலையில், வரப்போரத்தில், மழைநீர் கொண்டுவந்து சேர்த்த மண் இருக்கும். பழைய வேம்போ புளியோ நிற்கும் இடத்தின் நிழலில் மேல் மூன்று அங்குல மண்ணும் நன்று. வேரைக் காயப்படுத்தாமல் சிறிதளவே எடுங்கள்.

வேப்பம் புண்ணாக்கு, சூப்பர் பாஸ்பேட், வேர்ப்பூசணம் எல்லாம் கலக்கணுமா?

வேப்பம் புண்ணாக்கு குழிக்கு அரைக் கிலோ கலப்பது கறையானுக்கு ஓரளவு தடை. பழைய கையேடுகளில் குழியில் லிண்டேன் தூள் தூவச் சொல்லியிருப்பார்கள். இந்தியாவில் அதன் பயன்பாடு 2013 முதல் தடைசெய்யப்பட்டது, யாரிடமாவது பழைய இருப்பு இருந்தாலும் வாங்க வேண்டாம்.

செஞ்சரளையில் மிகுந்துள்ள இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால், சூப்பர் பாஸ்பேட்டை மண்ணில் பரவலாகத் தூவுவது வீண். இட விரும்பினால் நூறு கிராம் அளவில் தொழு உரத்தோடு பிசறி, குழியின் மேல் ஓரடிக்குள் சேருங்கள். வேர்ப்பூசணம் வேரைத் தொட்டால்தான் வேலை செய்யும். அதைக் கலவையில் புரட்டாமல், நடும்போது வேர்க்கட்டிக்கு நேர் அடியில் இடுங்கள். யூரியா குழிக்குள் போகவே கூடாது.

குழியில வெள்ளை வெள்ளையா முடிச்சுக் கல்லு வருது. அதையும் கலந்துடலாமா?

அது சுக்கான், சுண்ணாம்புச் சத்து திரண்ட கல். குளியலறை கழுவும் அமிலத்தில் இரண்டு சொட்டைக் கையுறை அணிந்து எச்சரிக்கையாக விட்டால் நுரைத்துப் பொங்கும். செஞ்சரளைக் கல் பொங்காது. சுக்கானை மட்டும் முழுவதுமாகப் பொறுக்கி வெளியேற்றுங்கள், சிறியதையும் விடாமல். அது கரைந்து மண்ணின் காரத்தன்மையைக் கூட்ட, இரும்புச்சத்து வேருக்குக் கிட்டாமல், இளம் இலைகள் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் மாறும்.

சுக்கான் தொடர்ச்சியான தளமாக இருந்தால், அதை உடைத்துத் துளைக்க முடிகிற இடங்களில் மட்டும் நடுங்கள். அங்கேயும் மா, எலுமிச்சையைத் தவிர்த்து வேம்பு, இலந்தை, புளி என்று போவது பாதுகாப்பு.

ஒரு குழியில ஓரடியிலேயே பாறை வந்துடுச்சு. என்ன செய்யறது?

முதலில் கடப்பாரையால் நான்கு திசையிலும் இரண்டடி தள்ளிக் குத்திப் பாருங்கள். பெரும்பாலும் அது தனிக் குண்டுக்கல்லாகவே இருக்கும். குழியை நகர்த்தினால் போதும். வரிசை நேராக இருக்க வேண்டும் என்பதற்காக ஒரு மரத்தை வாழ்நாள் முழுவதும் பாறை மேல் நிறுத்துவதை நான் ஏற்கமாட்டேன்.

எல்லாப் பக்கமும் பாறையெனில், விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். முன்பு சொன்னபடி தண்ணீர் ஊற்றிச் சோதித்து, வடிந்தால், ஓரடிக் குழிக்கு மேல் ஓரடி உயரத்துக்கு அதே கலவையால் ஐந்தடி அகல மேடு எழுப்பி, கல்லால் அணை கட்டி, இச்சி, அரசு போன்ற பாறைக்குப் பழகிய மரத்தை நடலாம். வடியாவிட்டால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

நிரப்பின அன்னைக்கே நட்டுடலாமா?

கூடாது. ஆனி, ஆடியில் எடுத்த குழி சில வாரங்கள் வெயில் காய்ந்து, ஆவணியில் நிரம்பி, இரண்டு மூன்று மழை வாங்கி அமிழ்ந்த பிறகு, ஐப்பசியில் நடுவது இந்தப் பகுதிக்கு ஏற்ற வரிசை. மழை பொய்த்தால் ஒருவார இடைவெளியில் இரண்டு முறை முழுதும் நனையத் தண்ணீர் விட்டு அமிழச் செய்யுங்கள். காலால் மிதித்து இறுக்கினால் நீங்கள் தளர்த்திய மண்ணை நீங்களே மீண்டும் சரளையாக்குகிறீர்கள்.

நிரப்பும்போது தரைமட்டத்துக்கு மேல் நான்கு விரற்கடை குவித்து வையுங்கள். நடும்போது தண்டும் வேரும் சேரும் கழுத்து சுற்றுத் தரைக்கு ஒரு விரல் மேலே நிற்கட்டும். பையைக் கிழித்ததும் அடியில் சுருண்ட வேர் இருந்தால், கூரிய கத்தியால் அந்தச் சுருளை மட்டும் நறுக்கிவிடுங்கள்.

ரெண்டு வருஷம் நல்லா வந்த கன்று அப்படியே நின்னுடுச்சு. உரம் போட்டும் அசையல. குழி சின்னதாப் போச்சோ?

பெரும்பாலும் வேர் சுவரை எட்டி நின்றுவிட்டது. உறுதிப்படுத்த, தண்டிலிருந்து குழியின் ஓரம் எங்கே முடிந்ததோ அந்த இடத்தில் ஒரு முழ நீளத்துக்கு மெல்லத் தோண்டுங்கள். மெல்லிய வேர்கள் சுவரோடு ஒட்டிப் பாய் போல் படர்ந்து, அந்தப் பக்கம் ஒன்றும் இல்லாமல் இருந்தால் உங்கள் ஐயம் சரி. வேரே அங்கு வந்து சேரவில்லை என்றால் காரணம் வேறு: அடியில் நீர் தேங்குகிறதா, கழுத்து புதைந்துள்ளதா என்று பாருங்கள்.

வேர் சுவரில் நின்றிருந்தால் கன்றைப் பிடுங்க வேண்டாம். மழைக்கு முன், குழியின் ஓரத்திலிருந்து வெளிநோக்கி இரண்டு எதிர்ப்பக்கங்களில் மட்டும் ஓரடி அகலம், ஒன்றரை அடி ஆழம், நான்கடி நீளத்துக்கு வாய்க்கால் வெட்டி, சேரும் இடத்தில் பழைய சுவரை முற்றிலும் உடைத்து, மேலே சொன்ன அதே 15:7:3 விகிதக் கலவையால் நிரப்புங்கள். அடுத்த ஆண்டு மற்ற இரண்டு பக்கங்கள். நான்கையும் ஒரே பருவத்தில் வெட்டினால் வேர் மிகுதியாக அறுபட்டு மரம் வாடும். அந்த நாளிலிருந்து தண்ணீரைத் தண்டருகே விடாமல், புதிய வாய்க்காலின் வெளிமுனையில் விடுங்கள். வேர் ஈரத்தைத் தொடர்ந்து அங்கே போகும்.